பழைய சக ஊழியருக்கு லிங்க்ட்இன்னில் முதல் வணக்கம்

“இலந்தைக்குளம் ஐடி பார்க்ல 2017லருந்து 2020 வரைக்கும் ஒரு அண்ணன்கூட சப்போர்ட் டீம்ல வேலை பார்த்தேன். இப்ப அவர் பெங்களூர்ல ஒரு பெரிய கம்பெனில லீடா இருக்கார். லிங்க்ட்இன்ல என் கனெக்ஷன்லதான் இருக்கார், ஆனா பேசி அஞ்சு வருஷம் ஆச்சு. ரெண்டு மூணு மாசத்துல வேலை மாறலாம்னு இருக்கேன், அவர்கிட்ட ரெஃபரல் கேக்கணும். எடுத்தவுடனே கேட்டா தப்பா நினைப்பாரோனு இருக்கு. முதல்ல ஒரு ‘ஹாய்’ போட்டுட்டு, அவர் பேசினதும் கேக்கவா?”

வெறும் ‘ஹாய்’ மட்டும் வேண்டாம். அதைவிட நேரடியாகக் கேட்பதே மேல். மதுரையில் இருந்துகொண்டு 15 வருடமாக ஆள் எடுக்கும் வேலை பார்க்கிறேன். நீங்கள் அனுப்ப நினைக்கும் அந்த ‘ஹாய்’ எனக்கு வாரத்துக்கு நாலைந்து வருகிறது. அதனால் வாங்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அவர் மீட்டிங்கில் இருக்கும்போது கைபேசி அதிர்கிறது. ஐந்து வருடமாகப் பேசாத ஒருவரிடமிருந்து ‘ஹாய் அண்ணே’. ஏதோ வேண்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும், ஆனால் என்ன வேண்டும் என்று தெரியாது. கடனா, வேலையா, இன்சூரன்ஸ் பாலிசியா? பதில் சொன்னால் ‘நல்லாருக்கீங்களா’ வரும், அதற்குப் பதில் சொன்னால் ‘இப்ப எங்கண்ணே இருக்கீங்க’ வரும். விஷயம் வருவதற்குள் நாலு முறை அவர் கைபேசியை எடுக்க வேண்டும். ‘சாயங்காலம் பார்த்துக்கலாம்’ என்று வைத்துவிடுவார். சாயங்காலத்துக்குள் அதற்கு மேலே இருபது செய்திகள் ஏறிவிடும். உங்களை ஒதுக்கியதாகாது அது. பதில் சொல்வதற்கு அந்தச் செய்தியில் ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. அவர் நல்ல மனுஷர், உடனே ‘என்னப்பா விஷயம், சொல்லு’ என்று கேட்டுவிடுகிறார் என்று வையுங்கள். நமக்குக் கூச்சம் வந்து ‘சும்மாதாண்ணே, உங்க ஞாபகம் வந்துச்சு’ என்று எழுதிவிடுவோம். மறுநாள் காலையில் ரெஸ்யூமே பிடிஎஃப் போகும். அந்த ஒரு ‘சும்மாதான்’ முந்தைய நாள் எழுதிய அத்தனையையும் கெடுத்துவிடும். ரெஃபரல் கேட்டதற்காக யாரும் வருத்தப்படுவதில்லை. பல கம்பெனிகளில் ரெஃபர் செய்து ஆள் சேர்ந்தால் அவருக்குப் பணமே கிடைக்கும். ‘அன்பா விசாரிக்கிறான்னு நினைச்சோமே’ என்பதுதான் வலிக்கும்.

அதனால் முதல் வணக்கத்துக்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான். அதற்குப் பிறகு நீங்கள் எதுவுமே கேட்காமல் போனாலும் அந்தச் செய்தி முழுமையாக நிற்க வேண்டும். அவர் படித்துவிட்டுப் பதில் போடாமல் விட்டாலும் அவருக்கு ஒரு நல்ல விஷயம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கிறது, எனவே வணக்கத்தை இந்த வாரமே தனியாக அனுப்ப இடம் இருக்கிறது.

எழுதுவதற்கு முன்னால் அவர் பெயரைத் தொட்டு Message பெட்டியைத் திறந்து மேலே தள்ளிப் பாருங்கள். நிறையப் பேர் செய்யாதது இது. பழைய உரையாடல் அங்கேயே கிடக்கும். 2021ல் நீங்கள் கம்பெனி மாறியபோது அவர் ‘Congrats’ என்று போட்டிருப்பார், நீங்கள் பார்க்காமலே விட்டிருப்பீர்கள். இப்போது நீங்கள் எழுதப் போவது அதற்கு நேர் கீழே போய் உட்காரும். அவர் திறக்கும்போது தான் வாழ்த்தியதும், பதில் வராததும், இப்போது நீங்கள் வந்து நிற்பதும் ஒரே திரையில் தெரியும். அப்படி ஏதாவது இருந்தால் அதிலிருந்தே ஆரம்பியுங்கள்: ‘அண்ணே, நீங்க அப்ப வாழ்த்துச் சொன்னதை இன்னைக்குத்தான் பார்த்தேன், மன்னிச்சுக்கங்க.’ இதைவிட இயல்பான தொடக்கம் நீங்கள் யோசித்தாலும் கிடைக்காது.

அடுத்து அவருடைய பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். இப்போது எந்த ஊர், எந்தப் பதவி, எப்போது மாறினார் என்பதெல்லாம் Experience பகுதியில் இருக்கும். அதைப் படித்துவிட்டால் ‘இப்ப எங்கண்ணே இருக்கீங்க’ என்று கேட்க வேண்டியிருக்காது. கண் முன்னால் எழுதி வைத்திருப்பதைக் கேட்டால் படிக்கவே இல்லை என்று பொருள். Activity பகுதியையும் பாருங்கள். கடைசியாக அவர் எதையாவது பகிர்ந்தோ, ஒரு லைக்காவது போட்டோ மூன்று வருடம் ஆகியிருந்தால் அவர் அங்கே வருவதில்லை. பூட்டிய வீட்டுத் திண்ணையில் கடிதம் வைப்பது போலத்தான் அது. பழைய டீம் வாட்ஸ்அப் குழு இன்னும் இருந்தால் அங்கே முயல்வது நல்லது.

எப்படி அழைப்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். நம்மூர் ஆபீஸில் மூன்று வருடம் ‘அண்ணே’ என்று கூப்பிட்டவரை, அவர் லீட் ஆனதும் ‘டியர் சார்’ என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். மரியாதை என்று நினைத்துத்தான் எழுதுகிறார்கள். படிப்பவருக்கோ வேறு மாதிரி கேட்கும். இவ்வளவு நாள் அண்ணன், இன்றைக்கு சார் என்றால் ஏதோ மனுப் போட வந்திருக்கிறான் என்றே தோன்றும். நேரில் எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே எழுதுங்கள். மேனேஜரை அப்போது சார் என்று அழைத்திருந்தால் இப்போதும் சார்தான், திடீரென்று அண்ணே ஆக்க வேண்டாம். மொழியும் அப்படியே. அவரோடு தமிழில் பேசிவிட்டு ஆங்கிலத்தில் கடிதம் போல எழுதினால் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது மாதிரி இருக்கும்.

இனி செய்தி. உங்களுக்கும் அவருக்கும் இடையே நடந்தது எனக்குத் தெரியாது, அதனால் சப்போர்ட் டீம் என்பதை வைத்து ஒரு மாதிரி எழுதுகிறேன். உங்கள் நினைவில் இருப்பதை அந்த இடத்தில் வையுங்கள்.

‘அண்ணே, நைட் ஷிஃப்ட்ல லாக் பார்க்கும்போது “முதல்ல எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுனு பாரு, அப்புறம் எர்ரரைப் படி”னு சொல்லிக் குடுத்தீங்களே, போன வாரம் புதுசா சேர்ந்த தம்பிக்கு நான் அதையே சொல்லிக்கிட்டிருந்தேன். உடனே உங்க ஞாபகம் வந்துச்சு. போன வருஷம் லீட் ஆனதை இப்பத்தான் பார்த்தேன், ரொம்ப சந்தோஷம்ணே. நான் இன்னும் மதுரைலதான், அதே சப்போர்ட் வேலைதான், இப்ப நாலு பேரைப் பார்த்துக்கறேன். நேரம் கிடைக்கும்போது பேசுவோம், அவசரம் ஒண்ணும் இல்ல.’

இதில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். அவருக்கும் உங்களுக்கும் மட்டுமே தெரிந்த ஒரு விஷயம் முதலில் வருகிறது. அதை வேறு யாருக்கும் நகல் எடுத்து அனுப்ப முடியாது, அது அவருக்கும் தெரியும். அவர் சொல்லிக் கொடுத்தது இன்றைக்கும் வேலைக்கு ஆகிறது என்ற தகவல் இருக்கிறது. அது வெறும் பாராட்டு இல்லை, அவருக்குத் தெரியாத ஒரு செய்தி. நீங்கள் இப்போது என்ன செய்கிறீர்கள் என்பது ஒரே வரியில் வந்துவிடுகிறது, அவர் கேட்டு வாங்க வேண்டியதில்லை. ‘அவசரம் இல்ல’ என்பதும் பொய் இல்லை, ஏனென்றால் உங்களுக்கு உண்மையிலேயே அவகாசம் இருக்கிறது. அதே சமயம் ‘சும்மா எழுதினேன், ஒண்ணும் வேண்டாம்’ என்று எங்கேயும் சொல்லவில்லை.

முதல் வரியில் எது வருகிறது என்பதில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், பூட்டிய கைபேசித் திரையிலும் செய்திப் பட்டியலிலும் ஆரம்பம் மட்டும்தான் தெரியும். ‘வணக்கம் அண்ணே, எப்படி இருக்கீங்க, வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க’ என்று தொடங்கினால் அவர் கண்ணில் படுவது அந்த விசாரிப்பு மட்டும்தான். யார் எழுதினாலும் அது ஒன்றேதான். ‘நைட் ஷிஃப்ட்ல லாக் பார்க்கும்போது’ என்று தொடங்கினால் திறந்து பார்ப்பார். நலம் விசாரிப்பதைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

விசாரிப்பதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு, நானே பட்டுத் தெரிந்துகொண்டது. என்னோடு வேலை பார்த்த ஒருவருடைய அப்பா அடிக்கடி ஆபீஸ் வாசலுக்கு வந்து டிபன் பாக்ஸ் கொடுத்துவிட்டுப் போவார். ஏழு வருடம் கழித்து அவருக்கு எழுதும்போது, நெருக்கமாக இருக்கட்டும் என்று ‘அப்பா எப்படி இருக்காங்க, இன்னும் டிவிஎஸ் ஃபிஃப்டிலதான் சுத்துறாங்களா’ என்று கேட்டுவிட்டேன். அப்பா இறந்து அப்போது எட்டு மாதம். அவர் இரண்டு நாள் கழித்து ஒரே வரியில் சொன்னார். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. சாயங்காலம் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன், அவர் பெருந்தன்மையாகத்தான் பேசினார். ஆனால் அவரை அப்படி ஒரு பதிலை எழுத வைத்தது நான். அதிலிருந்து, நீண்ட இடைவெளிக்குப் பிறகு எழுதும்போது வீட்டு ஆட்களைப் பெயரோ உறவோ சொல்லி விசாரிப்பதில்லை. ‘வீட்ல எல்லாரும் நலம்னு நம்புறேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர் சொல்ல நினைத்தால் சொல்லட்டும். கல்யாணம் ஆச்சா, குழந்தை எத்தனை என்பதற்கும் இதே கணக்குத்தான். ஐந்து வருடத்தில் ஒரு வீட்டில் என்னென்னவோ நடந்திருக்கும்.

அந்த அண்ணன் இடத்தில் ஒரு அக்கா இருந்தால் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். அந்தத் தளத்தில் பெண்களுக்கு வேலையைச் சாக்கு வைத்து வரும் வேண்டாத செய்திகள் ஏராளம். எந்த ஆபீஸ், எந்த டீம், எந்த வருடம் என்பது முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். புகைப்படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கூடாது. ‘என்னை ஞாபகம் இருக்கா?’ என்ற கேள்வியும் வேண்டாம். இந்தக் கேள்வியை அண்ணனிடமும் கேட்காதீர்கள். ஞாபகம் இல்லாவிட்டால் பாவம், அவர் என்ன எழுதுவார்? நாமே யார் என்று சொல்லிவிட்டால் அவருக்கு அந்தச் சங்கடம் இல்லை.

நாள் பார்ப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொங்கல், தீபாவளி அன்று வாழ்த்துப் படத்தோடு எழுதினால் நூறில் ஒன்றாகப் போய்விடும். ஆனால் மதுரையிலிருந்து போனவருக்கு மதுரைக்காரர் எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று அழகர் ஆற்றில் இறங்கும்போது ஊரில் இல்லாதவர்கள் எல்லாருடைய மனதும் இங்கேதான் இருக்கும். அன்றைக்கு ‘அண்ணே, இந்த வருஷம் தண்ணி நல்லா வருது, கோரிப்பாளையத்துல நிக்கவே இடமில்ல’ என்று நீங்களே நின்று பார்த்ததை இரண்டு வரி எழுதினால் அவர் கட்டாயம் பதில் போடுவார். அந்த நாள் தொலைவில் இருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போதும்.

பதில் வந்த பிறகுதான் பலர் அவசரப்படுகிறார்கள். அவர் ‘டேய் தம்பி, எப்படி இருக்க, நீ இன்னும் அங்கேயா இருக்க?’ என்று எழுதினால் அதற்கு நேர்மையான பதில் உங்களிடம் இருக்கிறது: ‘ஆமாண்ணே, இங்கேயேதான். அடுத்த ரெண்டு மூணு மாசத்துல மாறலாம்னு பார்க்கிறேன்.’ இதை மறைக்க வேண்டாம், இதோடு ரெஸ்யூமேவை ஒட்டவும் வேண்டாம். இந்த இடத்தில் பாதிப் பேர் தாங்களாகவே ‘எங்க கம்பெனில பார்க்கலாமே, ரெஸ்யூமே அனுப்பு’ என்பார்கள். அவர் அப்படிச் சொல்லாமல் பழைய கதை பேசினால் நீங்களும் பேசுங்கள். ‘என்ன விஷயம்?’ என்று வெளிப்படையாகக் கேட்டால் உடனே சொல்லிவிடுங்கள். அவர் கேட்ட பிறகும் சுற்றி வளைப்பது அவர் நேரத்தை வீணாக்குவது. ‘நல்லது தம்பி’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்தினால் அன்றைக்கு அதோடு விடுங்கள். அவர் கம்பெனியில் உங்களுக்குப் பொருத்தமான வேலை ஒன்று வரும்போது அதே உரையாடலில் கேளுங்கள். அப்போது மேலே உங்கள் பழைய வணக்கம் இருக்கும், மறுபடி அறிமுகம் தேவைப்படாது.

கேட்கும் நாளில் ஒன்றை மறக்காதீர்கள். அந்த வேலைக்கு நீங்களே முதலில் நேரடியாக விண்ணப்பித்துவிட்டு அப்புறம் ரெஃபர் செய்யச் சொல்லாதீர்கள். பல கம்பெனிகளில், ஏற்கெனவே உள்ளே இருக்கும் விண்ணப்பத்தை ரெஃபரலாக ஏற்க மாட்டார்கள். வேலையின் எண் அல்லது லிங்க், ரெஸ்யூமே, உங்கள் மெயில் முகவரி, போன் நம்பர், அந்த வேலை உங்களுக்கு ஏன் பொருந்தும் என்று இரண்டு வரி, இவ்வளவும் ஒரே செய்தியில் இருந்தால் அவர் உங்களிடம் திரும்பி எதுவும் கேட்காமல் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவார்.

சரி, நீங்கள் வணக்கம் எழுதும் முன்பே நாளைக்கு அங்கே வேலை அறிவிப்பு வந்துவிட்டால்? அப்போது தனியாக வணக்கம் வேண்டாம். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். லாக் விஷயத்தையும் வாழ்த்தையும் முதலில் எழுதி, ஒரு வரி இடைவெளி விட்டு, ‘அண்ணே, இதோட ஒண்ணு கேக்கணும், நேரடியாவே கேட்டுடறேன்’ என்று தொடங்கிக் கேளுங்கள். கடைசியில் ‘இப்ப முடியலைன்னாலும் பரவால்லண்ணே’ என்று ஒரு வரி சேருங்கள். இரண்டு நாள் நலம் விசாரித்துவிட்டு மூன்றாம் நாள் கேட்பதைவிட இது எவ்வளவோ நாகரிகம், ஏனென்றால் இதில் ஒளிவு மறைவு இல்லை.

உங்கள் அண்ணன் ஏற்கெனவே கனெக்ஷனில் இருப்பதால் செய்தி நேராகப் போகும். அப்படி இல்லாத பழைய ஆட்களுக்கு Connect கொடுக்கும்போது Add a note வழியாக ஒரு குறிப்புச் சேர்க்கலாம். கைபேசியில் அவசரத்தில் அழுத்தினால் குறிப்பில்லாமலே போய்விடும், நிதானமாகப் பாருங்கள். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில குறிப்புகள்தான் அனுப்ப முடியும், ஒவ்வொன்றும் 200 எழுத்துக்குள் இருக்க வேண்டும். தமிழில் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ‘வணக்கம்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு. அதனால் இப்படிச் சுருக்கமாக எழுதுங்கள்: ‘அண்ணே, இலந்தைக்குளம் ஆபீஸ் சப்போர்ட் டீம்ல 2018ல உங்களோட நைட் ஷிஃப்ட்ல இருந்தேன். உங்க புது வேலை பார்த்தேன், சந்தோஷம்ணே.’ குறிப்பில் உதவி எதுவும் கேட்காதீர்கள், அதற்கு இடமும் இல்லை. எழுதியது பிடிக்காமல் அழைப்பைத் திரும்பப் பெற்றால் அதே ஆளுக்கு மறுபடி அனுப்ப மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே அனுப்பும் முன்பே ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

வழக்கமான செய்தியில் தப்பு வந்தால் 60 நிமிடத்துக்குள் திருத்தலாம், நீக்கலாம். ஆனால் அதற்குள் கைபேசி அறிவிப்பிலோ மெயிலிலோ பழைய வடிவம் அவர் கண்ணில் பட்டிருக்கலாம். இன்னொருவருக்கு எழுதியதை நகல் எடுத்து, பெயரை மாற்ற மறந்து அனுப்பியவர்கள் எனக்கே மூன்று பேர். மூவருமே பத்து நிமிடத்தில் திருத்திவிட்டார்கள். நான் அதற்குள் படித்துவிட்டேன்.

பதிலே வராவிட்டால் பத்து நாள் விடுங்கள். இடையில் ஒரு கேள்விக்குறியோ, ‘பார்த்தீங்களாண்ணே’ என்றோ அனுப்பாதீர்கள். பார்த்ததற்கான அடையாளம் தெரிந்தாலும் அதைச் சொல்லிக் காட்டக் கூடாது. பிறகு ஒரே ஒருமுறை, அவர் கம்பெனியில் பொருத்தமான வேலை கண்ணில் பட்டால், மேலே சொன்ன மாதிரி முழுதாகக் கேட்டு எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் அந்த வழியை விட்டுவிட்டு, அதே நைட் ஷிஃப்ட்டில் இருந்த வேறு யாரிடமாவது அவர் நம்பர் மாறிவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள்.